செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தியைப் புதுப்பிப்பது எப்படி: ‘நிறுவனத்தைப் பற்றி’ பகுதிக்கு முழுமையான வழிகாட்டி

பத்திரிகைகளுக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்திக்குறிப்பின் அடியிலும் ‘நிறுவனத்தைப் பற்றி’ என்று ஒரு பத்தி இருக்கும். பி.ஆர். துறையில் இதை பாய்லர்பிளேட் என்பார்கள். மேலே இருக்கும் செய்தி ஒவ்வொரு முறையும் மாறும், இந்தப் பத்தி மட்டும் அப்படியே ஒட்டப்படும். அதனாலேயே யாரும் அதைப் படிப்பதில்லை. பழைய எண்கள், காலாவதியான சான்றிதழ்கள், மூடிய கிளைகள் எல்லாம் வருடக்கணக்கில் அதில் தங்கிவிடுகின்றன.

இந்த வேலை முதல்முறையாகக் கைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பழைய பத்தியைத் திறந்து, உடனே வாக்கியங்களைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். நடையை அழகாக்கி முடித்த பிறகு எண்களைச் சரிபார்க்க அனுப்பினால், ஒவ்வொரு துறையும் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பும். சுருக்கியது மறுபடியும் வீங்கிவிடும். தகவலைச் சரிபார்த்து, வேண்டாததை நீக்கி, அதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் தனியார் நிறுவனம், பெயர் ‘க பம்ப்ஸ்’. அதைப் பற்றிய எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், அதாவது இன்கார்ப்பரேஷன் சர்டிஃபிகேட். பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது, எந்த ஆண்டு பதிவானது என்ற இரண்டுக்கும் அதுதான் ஆதாரம். பெயர் இடையில் மாறியிருந்தால் மாற்றத்துக்கான சான்றிதழும் வேண்டும். பிரைவேட் லிமிடெட்டாக இருந்து பப்ளிக் லிமிடெட்டாக மாறிய நிறுவனங்களில், பெயரிலிருந்து ‘பிரைவேட்’ போய்ப் பல மாதம் ஆன பிறகும் செய்திக்குறிப்பில் அது தொடர்வதைப் பார்க்கலாம்.

சான்றிதழ் பக்கத்தில் இல்லையென்றால், சி.ஐ.என். எனப்படும் 21 எழுத்து-எண்கள் கொண்ட நிறுவன அடையாள எண்ணைப் பாருங்கள். அதன் முதல் எழுத்து L என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், U என்றால் பட்டியலிடப்படாதது. நடுவில் வரும் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. ஒரே பார்வையில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து, கடைசியாகத் தணிக்கை முடிந்த ஆண்டறிக்கை. அப்புறம் இப்போது நடப்பில் இருக்கும் தரச்சான்றிதழ்களின் நகல்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஃபிரேமைப் பார்த்து எழுதாதீர்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழ்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படுபவை. சுவரில் இருப்பது பழையதாக இருக்கலாம்.

இவற்றோடு, ஒப்புதல் தரப்போகும் ஆளின் பெயர். ஒரே ஒருவர். இதை ஆரம்பத்திலேயே முடிவு செய்யாவிட்டால் பத்தாவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

## 2. எப்போது செய்வது என்று முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் முதல் வாரத்தில் ‘புது நிதியாண்டு பிறந்துவிட்டது, பத்தியையும் புதுப்பிப்போம்’ என்று ஆரம்பிப்பவர்கள் நிறைய. அந்த நேரத்தில் போன ஆண்டின் கணக்கு இன்னும் தணிக்கை ஆகியிருக்காது. அக்கவுண்ட்ஸ் துறையிடம் கேட்டால் ஒரு உத்தேச எண் தருவார்கள். அதைப் பத்தியில் போட்டுவிட்டால், பிறகு உண்மையான எண் வரும்போது இரண்டும் வேறாக இருக்கும்.

பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் பிரச்சினை இதைவிடப் பெரியது. இயக்குநர் குழு ஒப்புதல் தந்து பங்குச் சந்தைக்குத் தெரிவிக்கும் வரை ஆண்டு வருவாய் வெளிவராத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல். செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகள் இதைப் பற்றியவைதான். புதிய கிளை திறப்பு பற்றிய சாதாரணச் செய்திக்குறிப்பின் கடைசி வரியில் அந்த எண் வெளியே போனாலும் கசிவு கசிவுதான்.

ஆகவே, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டு முடிவுகளை அறிவித்த பிறகு இந்த வேலையைத் தொடங்கலாம். நிதியாண்டு முடிந்த 60 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பதால், மே கடைசியில் எண்கள் பொதுவெளியில் இருக்கும். மார்ச்சில் நிதியாண்டு முடியும் தனியார் நிறுவனங்கள் வழக்கமாகச் செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நடத்த வேண்டும். அவர்களுக்கு அக்டோபர் வசதியான மாதம்.

## 3. சுற்றில் இருக்கும் எல்லா வடிவங்களையும் திரட்டுங்கள்

நிறுவனத்தில் ஒரே ஒரு பத்தி இருப்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். தேடினால் ஐந்தாறு கிடைக்கும். கடைசியாக அனுப்பிய சில செய்திக்குறிப்புகள், வேர்ட் டெம்ப்ளேட், பி.ஆர். ஏஜென்சியிடம் இருக்கும் கோப்பு, இணையதளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கம், லிங்க்ட்இன் பக்கம், விற்பனைத் துறையின் பிரசன்டேஷன், விருதுக்கு அனுப்பிய விண்ணப்பம் எல்லாவற்றிலும் ஒன்று இருக்கும்.

அத்தனையையும் ஒரே கோப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி வையுங்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று மேலே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எந்த எண்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பது உடனே தெரியும். அவைதான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியவை. மற்றொன்று, பின்னால் பழையதை அகற்றும்போது எங்கெல்லாம் போக வேண்டும் என்ற பட்டியலும் இதுவே.

## 4. பத்தியைத் தகவல் தகவலாக உடையுங்கள்

வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இது. க பம்ப்ஸ் நிறுவனத்தின் பழைய பத்தி இப்படி இருக்கிறது:

> கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு கடந்த 25 ஆண்டுகளாக இயங்கி வரும் இந்தியாவின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றான க பம்ப்ஸ் பிரைவேட் லிமிடெட், விவசாயம், வீட்டு உபயோகம் மற்றும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான உலகத்தரம் வாய்ந்த பம்ப்செட்டுகளைத் தயாரித்து வழங்கி வருகிறது. கோவை மாவட்டத்தில் அதிநவீன வசதிகள் கொண்ட இரண்டு தொழிற்சாலைகள், 600-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், நாடு முழுவதும் 350 டீலர்கள், 40 நாடுகளுக்கு ஏற்றுமதி என வளர்ந்துள்ள இந்நிறுவனம், ஐ.எஸ்.ஓ. 9001:2008 மற்றும் ஓ.எச்.எஸ்.ஏ.எஸ். 18001 சான்றிதழ்களைப் பெற்றுள்ளது. சமீபத்தில் சோலார் பம்ப் துறையிலும் தடம் பதித்துள்ளது. தரம், நம்பிக்கை, வாடிக்கையாளர் திருப்தி ஆகியவற்றையே தாரக மந்திரமாகக் கொண்டு, விவசாயிகளின் வாழ்வில் ஒளியேற்றுவதே இந்நிறுவனத்தின் தொலைநோக்கு.

இப்போது வாக்கியத்தை மறந்துவிடுங்கள். உள்ளே எத்தனை தகவல் இருக்கிறதோ அத்தனை வரியாக ஒரு எக்செல் தாளில் இறக்குங்கள். தலைமையிடம் கோவை என்பது ஒரு வரி. 25 ஆண்டுகள் ஒரு வரி. முன்னணி நிறுவனம் ஒரு வரி. விவசாயம், வீடு, தொழிற்சாலை ஆகிய மூன்றும் தனித்தனி வரிகள், ஏனென்றால் அவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்தியிருக்கலாம். ‘கோவை மாவட்டத்தில் இரண்டு தொழிற்சாலைகள்’ என்பதிலும் இரண்டு தகவல் இருக்கிறது: எண்ணிக்கை ஒன்று, மாவட்டம் இன்னொன்று.

இப்படி உடைக்காமல் முழுப் பத்தியையும் மின்னஞ்சலில் அனுப்பி ‘சரியா பாருங்கள்’ என்று கேட்டால், ‘சரிதான்’ என்று ஒற்றை வரிப் பதில் வரும். பழகிப்போன வாசகத்தை யாரும் எண் எண்ணாகப் படிப்பதில்லை. தனி வரியாக ‘டீலர்கள்: 350?’ என்று கேட்டால்தான் விற்பனை மேலாளர் பட்டியலைத் திறப்பார்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போதும்: இப்போதைய உண்மை, அதைச் சொன்னவர், ஆதாரம், என்ன செய்யப்போகிறோம்.

## 5. சரியான ஆளிடம், சரியான கேள்வியைக் கேளுங்கள்

ஒவ்வொரு தகவலுக்கும் நிறுவனத்துக்குள் ஒரு சொந்தக்காரர் உண்டு. ஊழியர் எண்ணிக்கைக்கு ஹெச்.ஆர்., ஏற்றுமதிக்கு அந்தத் துறையின் ஆவணப் பிரிவு, சான்றிதழ்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், பெயருக்கும் பதிவு விவரங்களுக்கும் கம்பெனி செக்ரட்டரி. நிர்வாக இயக்குநரிடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டுவிடலாம் என்று தோன்றும். அவருக்கு நினைவில் இருப்பது பெரும்பாலும் எப்போதோ மேடையில் சொன்ன எண்ணாக இருக்கும்.

கேள்வியின் எல்லையைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘எத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி?’ என்றால், நிறுவனம் தொடங்கிய நாள் முதல் ஒரு பெட்டியாவது போன நாடுகளை எல்லாம் எண்ணி 40 என்று சொல்வார்கள். ‘2024-25 நிதியாண்டில் எத்தனை நாடுகளுக்கு இன்வாய்ஸ் போட்டோம்?’ என்று கேட்டால் 22 என்று வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் ‘ஏற்றுமதி செய்கிறது’ என்று நிகழ்காலத்தில் எழுத இரண்டாவது எண் மட்டுமே பொருந்தும்.

ஊழியர் எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 600, நிரந்தர ஊழியர்கள் மட்டும் 410 என்று வைத்துக்கொள்வோம். எதைச் சொல்வது என்பதைவிட முக்கியம், ஆண்டறிக்கையிலும் வங்கிக்குக் கொடுத்த விவரத்திலும் எது இருக்கிறது என்பது. அதிலிருந்து வேறுபடும் எண்ணை ஒரு நிருபர் கண்டுபிடித்தால், விளக்கம் சொல்வது உங்கள் தலையில் விழும்.

சான்றிதழ் வரிகளைத் தனிக் கவனத்தோடு பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 9001-இன் 2008 பதிப்புக்குப் பதிலாக 2015 பதிப்பு வந்தது. பழைய பதிப்பின் சான்றிதழ்கள் 2018 செப்டம்பரோடு செல்லாமல் போயின. பணியிடப் பாதுகாப்புக்கான ஓ.எச்.எஸ்.ஏ.எஸ். 18001-க்குப் பதிலாக 2018-இல் ஐ.எஸ்.ஓ. 45001 வந்தது, பழையது 2021-இல் கைவிடப்பட்டது. மென்பொருள் நிறுவனங்களில் தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001-இன் 2013 பதிப்பை இன்னும் போட்டிருப்பார்கள். அதற்கான மாறுதல் காலம் 2025 அக்டோபர் 31-இல் முடிந்தது. நிறுவனம் புதிய பதிப்புக்கு மாறியிருந்தும் பத்தியில் பழைய எண் இருந்தால், சான்றிதழே இல்லாதது போலத் துறை சார்ந்தவர்கள் கண்ணில் படும்.

இடப்பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். க பம்ப்ஸின் இரண்டாவது தொழிற்சாலை உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது உடுமலைப்பேட்டை அதோடு போய்விட்டது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ‘கோவை மாவட்டத்தில்’ என்ற வாசகம் மட்டும் நீடித்திருக்கிறது. 2019-இல் செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், தென்காசி, கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் பிரிந்தன. மறைமலை நகரைக் காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்களை வேலூர் மாவட்டம் என்றும் சொல்லும் பத்திகள் அந்தக் காலத்தவை. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

## 6. எழுதும் முன் நீக்குங்கள்

தாள் நிரம்பியதும், ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நிறுவனத்தைக் கேள்விப்பட்டே இராத ஒரு துணையாசிரியருக்கு, செய்தியைப் போட இது தேவைப்படுமா?

‘முன்னணி’, ‘உலகத்தரம்’, ‘அதிநவீன’ மூன்றும் முதலில் போகட்டும். செய்தி டெஸ்க்கில் இவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டுகிற அவசரத்தில் பக்கத்திலிருக்கும் நல்ல தகவலும் சேர்ந்து போய்விடும். ‘முன்னணி’ என்பதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருந்தால், அந்த ஆதாரத்தையே எழுதுங்கள்: எந்தப் பொருளில், எந்த ஆண்டில், யார் அளந்தது என்று. அந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வரியை விட்டுவிடுங்கள்.

தாரக மந்திரமும் தொலைநோக்கும் அடுத்து. அந்த வாக்கியத்தில் பம்ப் என்பதை எடுத்துவிட்டு ஜவுளி, மருந்து, கட்டுமானம் எதைப் போட்டாலும் அப்படியே பொருந்துகிறது. அதனால் வாசகருக்கு அது எதையும் சொல்லவில்லை. நிறுவனத்துக்குள் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். இணையதளத்தில் அந்த வாசகம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

சான்றிதழ் வரி உண்மையாக இருந்தாலும், க பம்ப்ஸ் பத்தியிலிருந்து நான் எடுத்துவிடுவேன். பொதுப் பத்திரிகை வாசகருக்கு அது வேண்டாம். டெண்டர் ஆவணத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மருத்துவக் கருவி, தரவு மையம் போன்ற துறைகளில் மட்டும் அது இருக்க வேண்டிய தகவல், ஏனென்றால் அங்கே வாங்குபவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

முகவரி, தொலைபேசி, சி.ஐ.என். ஆகியவற்றையும் சிலர் பத்திக்குள் திணிப்பார்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 12-ஆவது பிரிவின்படி நிறுவனத்தின் கடிதத்தாளிலும் அதிகாரபூர்வ வெளியீடுகளிலும் இவை இருக்க வேண்டும் என்பது உண்மைதான். லெட்டர்ஹெட்டில் அச்சாகியிருந்தால் அங்கேயே இருக்கட்டும். லெட்டர்ஹெட் இல்லாமல் அனுப்புவதாக இருந்தால், கம்பெனி செக்ரட்டரியிடம் கேட்டு அடிக்குறிப்பாகப் போடுங்கள்.

ஊடகத் தொடர்புக்கான ஆளின் பெயரும் எண்ணும் தனித் தொகுதியாகப் பத்திக்குக் கீழே வர வேண்டும். பத்தி ஆண்டுக்கு ஒருமுறை மாறும், ஆட்கள் அதைவிட வேகமாக மாறுவார்கள். இரண்டையும் கலந்தால், ஒருவர் வேலையை விட்ட ஒவ்வொரு முறையும் பத்திக்கே ஒப்புதல் வாங்க வேண்டிவரும். ‘எதிர்காலம் குறித்த கூற்றுகள்’ என்ற சட்ட எச்சரிக்கையும் அப்படித்தான் தனியே நிற்க வேண்டும்.

## 7. சீக்கிரம் பழசாகாத மாதிரி எழுதுங்கள்

மிஞ்சிய தகவல்களில் எவை தானாகவே கெட்டுப்போகும் என்று பாருங்கள். ‘25 ஆண்டுகளாக’ என்பது அடுத்த ஆண்டே தவறு. ‘1998-இல் தொடங்கிய’ என்று எழுதினால் என்றைக்கும் சரி. ‘சமீபத்தில்’, ‘விரைவில்’, ‘தற்போது’, ‘புதிதாக’ ஆகிய சொற்களுக்கு இந்தப் பத்தியில் இடமே இல்லை. க பம்ப்ஸ் ‘சமீபத்தில்’ இறங்கிய சோலார் பம்ப், விசாரித்துப் பார்த்தால், 2019 முதல் விற்பனையில் இருக்கிறது. இப்போது அது முக்கியப் பொருள். அதை முதல் வாக்கியத்துக்கே கொண்டுவர வேண்டும்.

எண்களை இரண்டு விதமாக நிறுத்தலாம். ஏறிக்கொண்டே போகும் எண்ணுக்கு ஒரு கீழ் எல்லை: இன்று 520 டீலர்கள் என்றால் ‘500-க்கும் மேற்பட்ட’. பத்துப் பேர் விலகினாலும் சேர்ந்தாலும் வாக்கியம் தாங்கும். ஏறி இறங்கும் எண்ணுக்கு ஒரு காலக் குறிப்பு: ‘2024-25 நிதியாண்டில் 22 நாடுகளுக்கு’. அடுத்த ஆண்டு 19 ஆனாலும் எழுதியது பொய்யாகாது.

கீழ் எல்லையை எல்லாவற்றுக்கும் பூசிவிடக் கூடாது. ‘2-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள்’ என்று ஒரு பத்தியில் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலை இரண்டா மூன்றா என்று கேட்டுத்தான் நிருபர் போன் செய்வார்.

‘நாடு முழுவதும்’ போன்ற பரப்புச் சொற்களையும் சரிபாருங்கள். டீலர்கள் தென்னிந்தியாவின் ஐந்து மாநிலங்களிலும் மகாராஷ்டிரத்திலும்தான் இருக்கிறார்கள் என்றால், அதையே சொல்லலாம். அந்தப் பகுதிப் பத்திரிகைக்கு அது இன்னும் உபயோகமான தகவல்.

## 8. இப்போது எழுதுங்கள்

அதிகபட்சம் நான்கு வாக்கியங்கள். ஆங்கிலத்தில் ஐம்பது முதல் நூறு சொற்கள் என்பது பொதுவான அளவு. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிவிடுவதால், அதே தகவல் குறைந்த சொற்களில் அடங்கும். நாற்பது, ஐம்பது சொற்களைத் தாண்டினால் எதையோ எடுக்க மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

தமிழில் இந்தப் பத்தி கெடும் விதமே தனி. ‘கொண்டு’, ‘வரும்’, ‘ஒன்றான’ என்று எச்சங்களாக அடுக்கி, நிறுவனத்தின் பெயரை மூன்றாவது வரிக்குத் தள்ளிவிடுவார்கள். மேலே இருக்கும் பழைய பத்தியின் முதல் வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பெயர் வருவதற்குள் மூச்சு வாங்கும். ஊரும் பெயரும் முதல் சில சொற்களுக்குள் வர வேண்டும். அடுத்து என்ன செய்கிறார்கள் என்பது. வினைமுற்று சீக்கிரம் வரட்டும். ‘தயாரித்து வழங்கி வருகிறது’ வேண்டாம், ‘தயாரிக்கிறது’ போதும்.

எழுதியதும் ஒரு சோதனை. நாளிதழ்களில் உங்கள் பத்தி முழுசாக வராது. அதிலிருந்து ஒரு துண்டை உருவி, செய்தியின் முதல் வாக்கியத்தில் பெயருக்கு முன் சேர்ப்பார்கள்: ‘கோவையைச் சேர்ந்த பம்ப்செட் தயாரிப்பு நிறுவனமான க பம்ப்ஸ்…’ என்று. உங்கள் முதல் வாக்கியத்திலிருந்து அப்படி ஒரு துண்டை எடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் டெஸ்க்கில் அவர்களாக ஒன்றை எழுதிக்கொள்வார்கள், அது தப்பாகவும் இருக்கலாம்.

க பம்ப்ஸின் புதிய பத்தி:

> கோவையைச் சேர்ந்த க பம்ப்ஸ் பிரைவேட் லிமிடெட், விவசாயத்துக்கும் வீடுகளுக்குமான மின்சார, சோலார் பம்ப்செட்டுகளைத் தயாரிக்கிறது. 1998-இல் தொடங்கிய இந்நிறுவனத்துக்குக் கோவையிலும் உடுமலைப்பேட்டையிலும் தொழிற்சாலைகள் உள்ளன. தென்னிந்தியாவிலும் மகாராஷ்டிரத்திலும் 500-க்கும் மேற்பட்ட டீலர்கள் மூலம் விற்பனை செய்கிறது. 2024-25 நிதியாண்டில் 22 நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது.

தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பம்ப் இதில் இல்லை. தயாரிப்பை நிறுத்திவிட்டதாக உற்பத்திப் பிரிவு சொன்னதால் போய்விட்டது. ஊழியர் எண்ணிக்கையும் இல்லை. ஆள் எடுப்பு பற்றிய செய்தியாக இருந்தால் அதை மேலே, செய்தியிலேயே சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் இணையதள முகவரியை மட்டும் ஒரு வரியாகச் சேருங்கள். சமூக ஊடகச் சுட்டிகளை அடுக்க வேண்டாம். 2023-இல் ட்விட்டர் எக்ஸ் ஆனபோது, அந்த ஒரு பெயருக்காகவே பல பத்திகளைத் திறக்க வேண்டிவந்தது.

## 9. ஆங்கில வடிவத்தைத் தனியாகச் சரிபாருங்கள்

தமிழ்ப் பத்தியும் ஆங்கிலப் பத்தியும் ஒரே தாளிலிருந்து, தனித்தனியாக எழுதப்பட வேண்டும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பெயர்த்தால், நாம் மேலே நீக்கிய எச்ச அடுக்குகள் திரும்பி வந்துவிடும். ஆனால் எண்கள், ஆண்டுகள், ஊர்கள் மூன்றும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் டிக் அடிப்பதுதான் நம்பகமான வழி.

வெளிநாட்டு ஊடகங்களுக்குப் போகும் வடிவத்தில் லட்சம், கோடியை மில்லியனாக மாற்றும்போது பூஜ்யங்கள் இடம் மாறுவது சகஜம். பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். மாற்றியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கட்டும்.

நிறுவனப் பெயரைத் தமிழில் எழுதும் முறையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். லட்சுமியா லக்ஷ்மியா, பிரைவேட்டா பிரைவெட்டா, இனிஷியலுக்குப் புள்ளி உண்டா இல்லையா என்று. ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒவ்வொரு விதமாக வந்தால், பிறகு இணையத்தில் உங்கள் செய்திகளைத் தேடி எடுப்பதே கஷ்டம்.

## 10. ஒப்புதல்: கேள்வியைக் குறுக்குங்கள்

எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி ‘கருத்து சொல்லுங்கள்’ என்று கேட்பது, இதுவரை செய்த வேலையைக் கலைத்துவிடும். ஒவ்வொருவரும் தன் துறை விட்டுப்போனதாகத்தான் பார்ப்பார்கள்.

துறைகளிடம் அவரவர் தகவல் வரியை மட்டும் காட்டி, எண் சரியா என்று கேளுங்கள். முழுப் பத்தியை ஒப்புதல் தருபவரிடம் மட்டும் கொண்டுபோங்கள். கூடவே பழைய பத்தியையும், நீக்கியவற்றின் பட்டியலையும், ஒவ்வொன்றையும் ஏன் நீக்கினோம் என்ற ஒற்றை வரியையும் வையுங்கள். எதை எடுத்தோம் என்பது தெரியாதபோதுதான் ‘அதையும் சேருங்கள்’ என்ற பேச்சு வரும். அப்படியும் ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பதிலுக்கு எதை எடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.

பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், கம்பெனி செக்ரட்டரியின் பார்வைக்குப் போகாமல் இந்தப் பத்தி வெளியே போகக் கூடாது.

## 11. பழையதை ஒழியுங்கள்

ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். பழைய பத்தி திரும்பி வருவது எப்போதும் ஒரே வழியில்தான்: யாரோ போன மாதச் செய்திக்குறிப்பைத் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, மேல் பகுதியை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். அதைத் தடுக்க, புதிய பத்தி உள்ள டெம்ப்ளேட்டைப் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு, பழைய டெம்ப்ளேட்டை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே மாதமும் ஆண்டும் இருக்கட்டும்.

மூன்றாவது படியில் எடுத்த பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு இடமாகப் போய் மாற்றுங்கள். ஏஜென்சியிடம் புதியதைக் கொடுப்பதோடு, பழையதை நீக்கிவிட்டதாகப் பதிலும் வாங்குங்கள். அனுப்பத் தயாராக இருக்கும் வரைவுகளும், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு வெளியிடும்படி ஏற்கெனவே கொடுத்து வைத்திருப்பவையும் பெரும்பாலும் விட்டுப்போகும்.

இணையதளத்தில் ஏற்கெனவே வெளியான பழைய செய்திக்குறிப்புகளை மட்டும் தொடாதீர்கள். அவை அந்தந்தத் தேதியின் ஆவணங்கள். 2021-ஆம் ஆண்டுச் செய்திக்குறிப்பின் அடியில் 2025-இன் எண் இருந்தால், படிப்பவருக்கு மொத்தமுமே சந்தேகமாகிவிடும்.

ஒரு மாதம் கழித்து, பழைய பத்தியில் மட்டுமே இருந்த ஒரு தொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். க பம்ப்ஸுக்கு "தாரக மந்திரமாகக் கொண்டு" என்ற தொடரோடு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் போதும். கடந்த மாதத் தேதியில் ஏதாவது அகப்பட்டால், எந்தக் கையிலிருந்து அது போனது என்று கண்டுபிடித்து அங்கே இருக்கும் கோப்பை மாற்றுங்கள்.

## 12. தாளை மூடாதீர்கள்

நான்காவது படியின் எக்செல் தாளில் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள்: மறுபடி எப்போது பார்ப்பது. ஏற்றுமதி எண்ணுக்கு அடுத்த ஆண்டுக் கணக்கு முடியும் மாதம். பத்தியில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அது முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு. தொடங்கிய ஆண்டுக்கு எதுவும் வேண்டாம். அந்தத் தேதிகளை உங்கள் பெயரில் போடாமல் அலுவலகப் பொது காலண்டரில் போடுங்கள். அடுத்து இந்த நாற்காலியில் உட்காருபவருக்கும் நினைவூட்டல் போக வேண்டும்.

சில மாற்றங்கள் அந்தத் தேதிவரை காத்திருக்காது. பெயர் மாற்றம், பங்குச் சந்தையில் பட்டியலிடல், இணைப்பு அல்லது கைமாற்றம், தொழிற்சாலை மூடல், ஒரு பொருள் வரிசையை நிறுத்துவது ஆகிய ஐந்தில் எது நடந்தாலும், அது பற்றிய முதல் செய்திக்குறிப்பு போவதற்கு முன்பே பத்தி மாறியிருக்க வேண்டும். மேலே ‘உடுமலைப்பேட்டை ஆலை மூடல்’ என்று செய்தி, கீழே அதே ஆலை இயங்குவதாகப் பத்தி என்று ஒரே தாளில் போய்விடக் கூடாது.